ஆயிரத்தால் பெருக்கிப் பார்!



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டல் இருக்கும், விளையாட்டு விழாப் படங்கள் இருக்கும். இவற்றுக்கு நடுவில் ஒரு கணக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தவர்கள் யாரும் இதைப் படிக்கலாம். மெக்கானிக்கல் நண்பர்களும் ஓடிவிட வேண்டாம். உங்கள் வெர்னியர் காலிப்பரும் கடைசியில் வருகிறது.

முதலாண்டு இயற்பியலில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் நடத்தினார்கள். அலகு ஒத்துப்போகாத இரண்டு அளவுகளைக் கூட்டக் கூடாது. மூன்று மீட்டரையும் ஐந்து கிலோகிராமையும் கூட்டி 'எட்டு' என்று எழுதினால், விடைத்தாளில் சிவப்புக் கோடுதான் விழும். அந்தப் பாடத்தைத் தேர்வு எழுதிய அன்றே மறந்துவிட்டோம். அது பரவாயில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தவே இல்லை! மீட்டர், கிலோ, ரூபாய், வயது என்று எதைக் கொடுத்தாலும் கூட்டி ஒரு விடை தந்துவிடும். திரையில் சிவப்புக் கோடு விழாது. பிழைச் செய்தியும் வராது. தவறான விடை சரியான விடையைப் போலவே வந்து நிற்கும். ஃபீச்சர் ஸ்கேலிங் என்ற விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டில் நாங்கள் மூன்று பேர். நான், சேலத்துக்காரன், தேனிக்காரன். தேனிக்காரனுக்கு ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. டிப்ளமோவைக் கையில் வாங்கினால்தான் சேரலாம். வைவாவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்பதால் அவனுக்குத் தூக்கமே இல்லை. இந்த நேரத்தில் இவர்கள் இருவருக்கும் ஒரு சண்டை.

"எல்லா மாடலுக்கும் ஸ்கேலிங் போட்டுடுடா மச்சான். போட்டா தப்பே இல்ல" என்றான் சேலத்துக்காரன்.

"ஏன் போட்டேன்னு எக்ஸ்டர்னல் கேட்டா என்னடா சொல்றது? எல்லாரும் போடுறாங்க, அதனால நானும் போட்டேன்னா?" என்றான் தேனிக்காரன்.

கேள்வி நியாயமானது. அதனால் மூன்று பேரும் உட்கார்ந்து, எந்த அல்காரிதத்துக்கு இது தேவை, எதற்குத் தேவையில்லை என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று ஒயின்கள்

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒயின் டேட்டா. (வார்டன் சார் கவனிக்க: வெறும் எண்கள்தான், பாட்டில் இல்லை!) இத்தாலியில் ஒரே வட்டாரத்தில், மூன்று வகைத் திராட்சையிலிருந்து செய்த 178 ஒயின்களை ஆய்வகத்தில் சோதித்து, ஒவ்வொன்றிலும் 13 அளவுகளைக் குறித்திருக்கிறார்கள். ஜெனோவாவைச் சேர்ந்த ஃபோரினா குழுவினரின் வேலை இது. 1991-ல் கலிஃபோர்னியாவின் யு.சி.ஐ. தொகுப்புக்கு வந்து சேர்ந்தது. முதல் வகையில் 59, இரண்டாவதில் 71, மூன்றாவதில் 48 ஒயின்கள். அளவுகளை மட்டும் பார்த்து, ஒயின் எந்த வகை என்று சொல்ல வேண்டும். இதுதான் போட்டி.

பதின்மூன்று நிரல்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். (நிரல் என்றால், கணக்கு வகுப்பில் அணிக்குச் சொன்ன அதே நிரல்.) ஒன்று ஃபிளேவனாய்டு, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் பொருள். இதன் எண்கள் 0.34-லிருந்து 5.08 வரை. இன்னொன்று புரோலின் என்ற அமினோ அமிலம். இதன் எண்கள் 278-லிருந்து 1680 வரை.

இப்போது மூன்று ஒயின்களைப் பார்ப்போம். மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ள உண்மையான வரிசைகள்.

ஐந்தாவது ஒயின், முதல் வகை: ஃபிளேவனாய்டு 2.69, புரோலின் 735.
இரண்டாவது ஒயின், முதல் வகை: ஃபிளேவனாய்டு 2.76, புரோலின் 1050.
174-வது ஒயின், மூன்றாம் வகை: ஃபிளேவனாய்டு 0.61, புரோலின் 740.

ஐந்தாவது ஒயினின் வகை நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கே-நியரெஸ்ட் நெய்பர் என்ற அல்காரிதம் என்ன செய்யும்? ஊரில் புது ஆள் யாரென்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரிப்போமே, அதைத்தான் செய்யும். மிக அருகில் இருக்கும் ஒயின் எது என்று பார்த்து, அதன் வகையையே இதற்கும் சொல்லும். அருகில் என்பதைப் பித்தாகரஸ் தேற்றத்தால் அளக்கும். ஒவ்வொரு நிரலிலும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கும்.

இரண்டாவது ஒயினுக்கு உள்ள தூரம்: ஃபிளேவனாய்டு வித்தியாசம் 0.07, புரோலின் வித்தியாசம் 315. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 315.

174-வது ஒயினுக்கு உள்ள தூரம்: ஃபிளேவனாய்டு வித்தியாசம் 2.08, புரோலின் வித்தியாசம் 5. கூட்டி மூலம் எடுத்தால் 5.42.

ஆக, 5.42 தான் பக்கத்து வீடு. ஐந்தாவது ஒயின் மூன்றாம் வகை என்று அல்காரிதம் அடித்துச் சொல்லும். தவறு! அது முதல் வகை. ஃபிளேவனாய்டு என்ற நிரல், "ஐயா, இவன் எங்க வீட்டுப் பையன், பாருங்க, 2.69-க்கு 2.76" என்று கத்தியது. ஆனால் புரோலின் ஒலிபெருக்கி வைத்துப் பேசும்போது அந்தக் குரல் யார் காதில் விழும்?

இதில் இன்னும் வேடிக்கை ஒன்று இருக்கிறது. புரோலினை எழுதியவர் அதை ஆயிரத்தால் வகுத்து, மில்லிகிராமைக் கிராம் ஆக்குவது போல எழுதியிருந்தால் என்ன ஆகும்? 735 என்பது 0.735, 1050 என்பது 1.050, 740 என்பது 0.740. இப்போது இரண்டாவது ஒயினுக்குத் தூரம் 0.32, 174-வதற்குத் தூரம் 2.08. பக்கத்து வீடு மாறிவிட்டது! ஒயின் அதே ஒயின். அதில் ஒரு சொட்டுகூட மாறவில்லை. எழுதியவரின் கையில் புள்ளி இடம் மாறியதற்கு வகை மாறுகிறது என்றால், நாம் ஒயினைப் பற்றிக் கணிக்கிறோமா, எழுதியவரின் பழக்கத்தைப் பற்றிக் கணிக்கிறோமா?

அலகை அலகால் வகுத்தால்

இதற்கு மருந்துதான் தரப்படுத்தல். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாகச் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்த நிரலின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும்.

```
z = (x - mean) / sd
```

இந்தச் சின்னச் சூத்திரத்தில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. எண் எந்த அலகில் இருக்கிறதோ, அதே அலகில்தான் சராசரியும் திட்ட விலக்கமும் இருக்கும். மேலே மில்லிகிராம், கீழேயும் மில்லிகிராம். வகுத்ததும் அலகு அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது வெறும் எண்: இந்த ஒயின் தன் கூட்டத்தின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பது மட்டுமே. இனி இவற்றைக் கூட்டினால் முதலாண்டு இயற்பியல் சாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஃபிளேவனாய்டின் சராசரி 2.03, திட்ட விலக்கம் ஏறக்குறைய 1. புரோலினின் சராசரி 747, திட்ட விலக்கம் 315. நம் மூன்று ஒயின்களையும் மாற்றினால்:

ஐந்தாவது: 0.66, -0.04.
இரண்டாவது: 0.73, 0.96.
174-வது: -1.42, -0.02.

இப்போது இரண்டாவது ஒயினுக்கு உள்ள தூரம் 1.00. 174-வதற்கு உள்ள தூரம் 2.08. பக்கத்து வீடு இரண்டாவது ஒயின். விடை முதல் வகை. சரி! புரோலினை மில்லிகிராமில் எழுதினாலும், கிராமில் எழுதினாலும், டன்னில் எழுதினாலும் இனி இதே விடைதான்.

மூன்று ஒயின்களை வைத்துக்கொண்டு வாதாடுவது போதாது அல்லவா? அதனால் பதின்மூன்று நிரல்களையும் போட்டு, 178 ஒயின்களையும் சோதித்தோம். ஒவ்வொரு ஒயினாக ஒதுக்கிவைத்து, மீதி 177-ஐ வைத்து அதன் வகையைச் சொல்லச் சொல்வது ஒரு முறை.

```python
from sklearn.datasets import load_wine
from sklearn.model_selection import cross_val_score, LeaveOneOut
from sklearn.neighbors import KNeighborsClassifier
from sklearn.pipeline import make_pipeline
from sklearn.preprocessing import StandardScaler

X, y = load_wine(return_X_y=True)
knn = KNeighborsClassifier(n_neighbors=1)
scaled = make_pipeline(StandardScaler(), knn)
for m in (knn, scaled):
    print(cross_val_score(m, X, y, cv=LeaveOneOut()).mean())
```

தரப்படுத்தாமல் ஓட்டினால் நான்கில் மூன்று பங்கு அளவுக்குத்தான் சரியாக வருகிறது. தரப்படுத்தினால் நூற்றுக்கு 95, 96-க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. டேட்டாவோடு வரும் குறிப்பேட்டிலேயே இதற்கு 96.1 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'இசட் மாற்றம் செய்தது' என்று போட்டிருக்கிறார்கள். அதே வரியில் எல்.டி.ஏ. என்ற முறைக்கு 98.9, கியூ.டி.ஏ. என்ற முறைக்கு 99.4 என்று இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் அந்த அடைப்புக்குறி இல்லை. தேனிக்காரன் இதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு மட்டும் ஏன்டா போடல?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் இரண்டாம் பாதி.

மரத்துக்குக் கவலை இல்லை

முதலில் டிசிஷன் ட்ரீயைப் பார்ப்போம். இதே ஒயின் டேட்டாவைக் கொடுத்தால், மரம் முதல் கேள்வியாகக் கேட்பது இது: புரோலின் 755-க்கு மேலா, கீழா? அவ்வளவுதான். அதற்கு ஒரே ஒரு நிரல் போதும். அடுத்த கேள்வியில் ஃபிளேவனாய்டு வரலாம், நிறச் சாயல் வரலாம். அப்போதும் ஒரு கேள்விக்கு ஒரு நிரல்தான். ஒரு நிரலை இன்னொரு நிரலோடு மரம் எங்கேயும் கூட்டுவதில்லை. மீட்டரையும் கிலோகிராமையும் சேர்த்தால்தானே தொல்லை? தனித்தனியாகக் கேட்பவனுக்கு என்ன தொல்லை?

புரோலினைத் தரப்படுத்திக் கொடுத்தால் மரத்தின் கேள்வி என்ன ஆகும்? 755-லிருந்து 747-ஐக் கழித்து 315-ஆல் வகுத்தால் 0.025. "புரோலின் 0.025-க்கு மேலா, கீழா?" என்று கேட்கும். முன்பு 755-க்கு மேலே நின்ற ஒயின்கள்தான் இப்போது 0.025-க்கு மேலே நிற்கும். ஒரு ஒயின்கூட கட்சி மாறாது. உயர வரிசையில் நிற்கும் மாணவர்களை அடியில் அளந்தாலும் சென்டிமீட்டரில் அளந்தாலும் வரிசை மாறாது அல்லவா, அது போல. மரம் பார்ப்பது வரிசையை மட்டும்தான். பல மரங்களைச் சேர்த்த ராண்டம் ஃபாரஸ்டுக்கும், மரங்களை அடுக்கிய கிரேடியன்ட் பூஸ்டிங்குக்கும் இதே நியாயம்தான்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். மரம் முதலில் தேர்ந்தெடுத்ததே புரோலினைத்தான்! அப்படியானால் புரோலின் ஒன்றும் கெட்ட நிரல் இல்லை. வகை பிரிக்க மிகவும் பயன்படும் நிரல். கே-நியரெஸ்ட் நெய்பரில் வந்த கோளாறு புரோலின் பேசியதால் வந்ததல்ல. மற்றவர்களைப் பேச விடாததால் வந்தது.

எல்.டி.ஏ.வும் கியூ.டி.ஏ.வும் நிரல்களைக் கூட்டத்தான் செய்கின்றன. ஆனால் கூட்டுவதற்கு முன், நிரல்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன, ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை டேட்டாவிலிருந்தே கணக்கிட்டு, தூரத்தை அதனால் வகுத்துக்கொள்கின்றன. மருந்து உள்ளேயே கலந்திருக்கிறது. அதனால்தான் குறிப்பேட்டில் அவற்றுக்கு அடைப்புக்குறி இல்லை.

நடுவில் நிற்பவர்கள்

சாதாரண லீனியர் ரிக்ரெஷன் இருக்கிறதே, அது ஒரு சுவையான ஆசாமி. அதுவும் நிரல்களைக் கூட்டுகிறது. ஆனால் கூட்டும் முன் ஒவ்வொன்றையும் ஒரு கெழுவால் பெருக்குகிறது. அந்தக் கெழு எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமை அதனிடமே இருக்கிறது. புரோலினுக்குக் கெழு 0.002 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நீங்கள் புரோலினை ஆயிரத்தால் வகுத்துவிட்டால், அது கெழுவை 2 என்று ஆக்கிக்கொள்ளும். பெருக்கற்பலன் மாறவில்லை, கணிப்பும் மாறாது. கெழுவின் தோற்றம் மட்டும் மாறும். அதனால், தரப்படுத்தாத நிரல்களின் கெழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது பெரிசு, அதனால இதுதான் முக்கியம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இதே ரிக்ரெஷனுக்கு ரிட்ஜ் அல்லது லாஸோ என்ற கடிவாளத்தைப் போட்டால் கதை தலைகீழ். பெரிய கெழு வைத்தால் அபராதம் என்பது இவற்றின் சட்டம். ரிட்ஜ் கெழுவின் வர்க்கத்துக்கு அபராதம் போடும். கெழு 0.002 என்றால் வர்க்கம் 0.000004, அபராதம் இல்லாத மாதிரிதான். கெழு 2 என்றால் வர்க்கம் 4. அதே புரோலின், அதே உண்மை. அலகை மாற்றியதற்கு அபராதம் பத்து லட்சம் மடங்கு! ஆகவே அபராதம் இல்லாவிட்டால் ஸ்கேலிங் இல்லாமல் தப்பிக்கலாம். அபராதம் வந்துவிட்டால் ஸ்கேலிங் கட்டாயம். `sklearn`-ன் `LogisticRegression` கேட்காமலேயே இந்த அபராதத்தைச் சேர்த்துக்கொள்கிறது என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஒயின் டேட்டாவைத் தரப்படுத்தாமல் அதற்குக் கொடுத்தால், திரையில் இப்படி ஓர் எச்சரிக்கை வரும்:

```
ConvergenceWarning: lbfgs failed to converge
```

காரணம் இது. படிப்படியாக இறங்கி விடை தேடும் முறைகளில், பெரிய எண்கள் உள்ள நிரலின் பக்கம் சரிவு செங்குத்தாகவும், சிறிய எண்கள் உள்ள நிரலின் பக்கம் சரிவு ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கும். செங்குத்துப் பக்கம் உருண்டு விழாமலிருக்க அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். சின்ன அடி வைத்தால் தட்டைப் பக்கம் நகரவே முடியாது. கொடுத்த அடிகள் தீர்ந்துபோகும். கம்ப்யூட்டர் பாதி வழியில் நின்றுவிடும். நியூரல் நெட்வொர்க்குக்கும் இதே தொல்லைதான்.

ஒரே சோதனை

இத்தனை அல்காரிதங்களையும் மனப்பாடம் செய்து வைவாவுக்குப் போக முடியுமா? தேவையில்லை. ஒரே ஒரு சோதனை போதும். டேட்டாவில் ஏதாவது ஒரு நிரலை ஆயிரத்தால் பெருக்குங்கள். மாடலை மறுபடி பயிற்றுவியுங்கள். கணிப்பு மாறுகிறதா என்று பாருங்கள்.

```python
X2 = X.copy()
X2[:, 6] *= 1000   # flavanoids
```

கே-நியரெஸ்ட் நெய்பரில் கணிப்புகள் மாறும். கே-மீன்ஸ், எஸ்.வி.எம்., ரிட்ஜ், லாஸோ எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. மரத்தில் மாறாது. (`random_state` ஒரே எண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் தன் குலுக்கலால் மாறியதை நீங்கள் ஸ்கேலிங்கின் மேல் போட்டுவிடுவீர்கள்.) அபராதம் இல்லாத ரிக்ரெஷனில் மாறாது. எல்.டி.ஏ.வில் மாறாது. கடைசியாக, மேலே எழுதிய `scaled` என்ற மாடலிலும் இதைச் செய்து பாருங்கள், அதிலும் மாறாது. தரப்படுத்தல் என்ன வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ரிவ்யூவில் எங்கள் சார் தேனிக்காரனைத்தான் எழுப்பினார். "ஃபாரஸ்ட்டுக்கு ஸ்கேலிங் போட்டிருக்கீங்க. எடுத்துட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். அது வரிசையைத்தான் பார்க்கும், அளவைப் பார்க்காது. ஆயிரத்தால பெருக்கிக் காட்டட்டுமா சார்?"

"காட்டு."

காட்டினான். 178 கணிப்பும் அப்படியே நின்றன. "அப்ப ஏன்ப்பா போட்டீங்க?" என்றார் சார். "எல்லா மாடலையும் ஒரே பைப்லைன்ல ஓட்டினோம் சார். இதுக்கு அது தேவையில்ல, கெடுதலும் இல்ல" என்றான். சேலத்துக்காரன் கட்சியும் பாதி ஜெயித்துவிட்டது! பிறகு வைவாவிலும் தேனிக்காரன் தேறினான்; வேலையிலும் சேர்ந்துவிட்டான்.

மருந்துக்கும் அளவு உண்டு

சேலத்துக்காரனின் "போட்டா தப்பே இல்ல" என்ற வாக்கியம் முழுக்க உண்மையா? இல்லை. தரப்படுத்தல் எல்லா நிரலுக்கும் சமமான குரல் தருகிறது. தகுதியான குரல் தருவதில்லை. ஒயின் டேட்டாவில் சாம்பல் அளவு என்று ஒரு நிரல் உண்டு. வகைகளைப் பிரிப்பதில் பின்தங்கிய நிரல்களில் ஒன்று. தரப்படுத்திய பிறகு அதுவும் ஃபிளேவனாய்டுக்குச் சமமாகப் பேசும். இன்னும் மோசம், ஒரு கருவியின் அளவு நாள் முழுக்க மாறாமல், கடைசி இலக்கத்தில் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருந்தால், அந்த ஆட்டத்தையும் தரப்படுத்தல் ஒரு முழுத் திட்ட விலக்கமாகப் பெரிதாக்கிவிடும். ஆகவே தரப்படுத்தும் முன் ஒவ்வொரு நிரலின் திட்ட விலக்கத்தையும் பாருங்கள். கருவியின் பிழை அளவுக்கே அது சிறிதாக இருந்தால் அந்த நிரலை வெளியே அனுப்புங்கள்.

இதோ, மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் வெர்னியர்! ஒரு ஷாஃப்டின் விட்டத்தை மூன்று இடங்களில் மில்லிமீட்டரில் அளக்கிறீர்கள். மூன்று நிரலுக்கும் ஒரே அலகு. ஓரிடத்தில் அதிகமாக மாறுகிறது, மற்ற இரண்டிலும் குறைவாக மாறுகிறது என்றால் அந்த வித்தியாசமே செய்தி. அங்கே ஏதோ தேய்கிறது. தரப்படுத்தினால் மூன்றும் ஒரே மாதிரி ஆகி, அந்தச் செய்தி அழிந்துவிடும். கூட்டுவதற்கு அலகு ஏற்கெனவே ஒத்துப்போகிறது; பிறகு எதற்கு மருந்து?

இன்னொரு எச்சரிக்கை. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பயிற்சி டேட்டாவிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சோதனைக்கு ஒதுக்கிய வரிசைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், தேர்வுக்கு முன்பே வினாத்தாளை ஓரக்கண்ணால் பார்த்த மாதிரி. இது ஏன் என்று புரியாவிட்டால் இப்படி யோசியுங்கள்: நாளை ஒரே ஒரு புதிய ஒயின் வந்து நிற்கிறது. ஒற்றை ஒயினுக்கு ஏது திட்ட விலக்கம்? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்பதா? பயிற்சியில் கண்ட 747-ஐயும் 315-ஐயும் பத்திரமாக வைத்திருந்து, புதியவனுக்கும் அவற்றையே பயன்படுத்த வேண்டும். `make_pipeline` இந்த வேலையைத்தான் சத்தமில்லாமல் செய்கிறது. அதை விட்டுவிட்டு முதல் வரியிலேயே மொத்த `X`-ஐயும் தரப்படுத்திவிட்டுப் பிறகு பிரிப்பவர்கள், காகிதத்தில் பார்த்த சதவீதத்தை நிஜத்தில் பார்க்காமல் போகலாம்.

அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் எடுக்கப் போகும் தம்பிகளே, தங்கைகளே! ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு நிரலின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் அலகையும் திட்ட விலக்கத்தையும் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் அல்காரிதத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நீ இந்த நிரல்களைத் தனித்தனியாகப் பார்க்கிறாயா, ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுகிறாயா?" தனித்தனியாக என்றால் விட்டுவிடுங்கள். கூட்டுகிறேன் என்றால், அலகைக் கழித்துவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள். பதில் தெரியாமல் அது விழித்தால், ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். உண்மை தானே வெளியே வரும்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்